மூன்று தட்டு, ஐந்து வகுப்பு: வாசிப்பு மூலையை அடுக்கிய அனுபவங்கள்

இரண்டாசிரியர் தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

மாறுதலில் இந்தப் பள்ளிக்கு வந்தபோது வாசிப்பு மூலை என்ற பெயரில் எனக்குக் கிடைத்தவை மூன்று தட்டுகள் கொண்ட ஓர் இரும்பு ரேக்கும், சன்னலை ஒட்டிய 12 அடிச் சுவரும், ஏறத்தாழ 180 புத்தகங்களும்தான். ஒன்று முதல் ஐந்து வரை 38 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பிலேயே நாளிதழின் சிறுவர் இணைப்பைத் தானாகப் படித்து முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், கொம்பு போட்ட எழுத்து வந்தால் நின்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் வருவது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த வரிசையிலேயே ரேக்கும் அடுக்கப்பட்டிருந்தது: கீழ்த்தட்டில் நுழை, நடுத்தட்டில் நடவும் ஓடுவும், மேல்தட்டில் பற. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பையன் எவனும் கீழ்த்தட்டுக்குக் குனிவதில்லை. எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறவன்கூட மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, படங்களை மட்டும் புரட்டிவிட்டு வைத்துவிடுவான். குனிந்தால் தன் நிலை என்னவென்று வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். மறுபுறம், இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு சிறுமிக்கு மேல்தட்டு எட்டவே இல்லை.

தட்டு போதவில்லை என்று எல்லோரும் சொல்வதால் ஒரு நாள் அளந்து பார்த்தேன். பின் அடித்த 16 பக்கப் புத்தகம் ஒன்று 2 மில்லிமீட்டர்கூட இராது. 180 புத்தகங்களையும் நெருக்கி நிறுத்தினால் ஒன்றே கால் அடிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆக, இடப் பற்றாக்குறை என்பது சரியில்லை; இவ்வளவு மெல்லிய புத்தகத்துக்கு முதுகே கிடையாது என்பதால், நிறுத்தி வைத்தால் எது எந்தப் புத்தகம் என்று தெரிவதில்லை. அட்டை தெரியும்படி வைத்தால் மூன்றடித் தட்டில் நான்குதான் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டியிருந்தது.

சுவரில் இரண்டு கயிறுகளைக் கட்டினோம். கீழ்க்கயிறு இரண்டரை அடி உயரத்தில், மேல்கயிறு நான்கடி உயரத்தில். ஒரு கயிற்றுக்குப் பதினைந்து புத்தகங்கள் துணிக் கிளிப்பில் அட்டை தெரியத் தொங்குகின்றன. ரேக்கின் கீழ் இரண்டு தட்டுகளில் காய்கறி வைக்கும் பிளாஸ்டிக் கூடைகள் ஆறு. ஒவ்வொன்றிலும் பதினைந்து புத்தகங்கள் முன்பார்த்து நிற்கும். பிள்ளைகள் விரலால் ஒன்றொன்றாகச் சாய்த்துப் பார்க்கலாம். மீதி அறுபதும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அவற்றை வெளியே எடுத்து, யாரும் தொடாதவற்றை உள்ளே போடுகிறேன்.

கூடைகளை நிலைவாரியாகப் பிரிக்கவில்லை, பொருள்வாரியாகப் பிரித்தேன்: விலங்கு, வண்டி வாகனம், சிரிப்பு, பேய் பூதம், வீடும் ஊரும், எப்படி ஏன். ஒவ்வொரு கூடையிலும் நான்கு நிலைகளும் கலந்திருக்கும். வாகனக் கூடைக்குள் கைவிடுகிற பையன் ஒரு வரிப் புத்தகத்தை எடுத்தாலும், அவன் ரயிலைப் பற்றிய புத்தகத்தைத்தான் எடுத்தான் என்று மற்றவர்கள் பார்க்கிறார்கள். நிலையைக் காட்டப் பின்னட்டையின் உள்மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி முதல் நான்கு புள்ளி வரை வைத்திருக்கிறேன்; அது எனக்கும் உடன் பணியாற்றும் ஆசிரியருக்கும் மட்டும்.

உங்கள் பள்ளிகளில் எப்படி அடுக்கியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

ஆசிரியை அவர்களின் முயற்சி நன்று. எனினும் நிலைகளைக் கலப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தன் தரத்துக்கு மேற்பட்ட புத்தகத்தை எடுக்கும் பிள்ளை இரண்டு பக்கத்தில் சோர்ந்து, மூலைப் பக்கமே வராமல் போய்விடும். நான் பணியிலிருந்தபோது வண்ணத்தாள் ஒட்டி நிலைகளைத் தனித்தனியாகவே வைத்தேன். கலந்து வைப்பதென்றால் பிள்ளைகளுக்கு ஐந்து விரல் முறையையாவது கற்றுக்கொடுங்கள். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் கடினம் என்று வைத்துவிட வேண்டும்.

சிறார் நூலகத் தன்னார்வலர், மதுரை

ஐயா சொல்லும் சோர்வு உண்மைதான். அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஐந்து விரல் முறை தமிழ்ச் சிறார் புத்தகத்துக்கு அப்படியே பொருந்தாது. நம் தொடக்க நிலைப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து, பன்னிரண்டு சொற்கள்தான் இருக்கும். ஐந்து சொல் தெரியவில்லை என்றால் பாதிப் பக்கம் போய்விட்டது. இரண்டு விரல் மடங்கினாலே அந்தப் புத்தகத்தை யாராவது உடனிருந்து படித்துக்காட்ட வேண்டும்.

இன்னொன்று. பிள்ளை தடுக்கி விழுவது பெரும்பாலும் தெரியாத சொல்லில் அல்ல, நீண்ட சொல்லில். ‘ஓடினான்’ என்பதைச் சரளமாகப் படிக்கும் பிள்ளை ‘ஓடிக்கொண்டிருந்ததைப்’ என்று வந்தால் பாதியில் மூச்சு வாங்கி, பின்பாதியை ஊகித்துவிடும். பொருள் தெரியாததால் அல்ல. வீட்டில் ‘ஓடிட்டிருந்தத’ என்றுதான் அது கேட்டிருக்கிறது. அதனால் நன்கொடையாக வரும், நிலை குறிக்கப்படாத புத்தகங்களைத் தரம் பிரிக்கும்போது நான் பக்க எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. நடுப்பக்கத்தைத் திறந்து மிக நீளமான சொல்லை எண்ணுவேன். நான்கு எழுத்துக்குள் அடங்கினால் ஒரு புள்ளி. ஆறு வரை இரண்டு. அதற்கு மேல் போனாலும் ஒரு வரியில் ஒன்றுதான் என்றால் மூன்று. ஒரே வரியில் இரண்டு மூன்று நீளச் சொற்கள் வந்தால் நான்கு. இது எங்கள் நூலகத்துக்கு நாங்களே வைத்துக்கொண்ட அளவுகோல். பாட்டுப் புத்தகங்களில் இது பொய்த்துவிடும், ஏனெனில் சந்தம் தெரிந்தால் நீளச் சொல்லையும் பிள்ளைகள் வாயால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல். நைலான் கயிறு சில வாரங்களில் தொய்ந்து, புத்தகங்கள் எல்லாம் நடுவுக்குச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். திரைச்சீலைக்குப் போடும் ஸ்பிரிங் கம்பியைப் பயன்படுத்துங்கள், நடுவில் ஓர் ஆணி கொடுங்கள். புத்தகத்தை விரித்துக் கயிற்றின்மேல் கவிழ்த்துப் போடுவது பல பள்ளிகளில் நடக்கிறது. எடை முழுவதும் பின்மேல் இறங்கி நடுத்தாள் கிழிந்துவிடும். நீங்கள் கிளிப்பில் மாட்டியிருப்பதே சரி.

பெற்றோர், கோயம்புத்தூர்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு மர அலமாரி. மூத்தவளுக்கு மேல்தட்டு, இளையவனுக்குக் கீழ்த்தட்டு என்று பிரித்ததில் சண்டை குறைந்துவிட்டது. பள்ளியிலும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோ ஒன்றை யாரிடமாவது நன்கொடையாகக் கேட்டால் தூசி படியாது, புத்தகமும் பாழாகாது அல்லவா?

இரண்டாசிரியர் தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

ஐயா, பீரோ எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதில் பதிவேடுகள் இருக்கின்றன. கதவு என்று ஒன்று இருந்தால் சாவி என்று ஒன்று வரும், சாவி ஆசிரியரின் கைப்பையில் இருக்கும், ஆசிரியர் அன்றைக்குப் பயிற்சிக்குப் போயிருப்பார். தூசியைத் துடைப்பது அதைவிட எளிது.

மதுரைச் சகோதரி சொன்ன நீளச் சொல் கணக்கை நன்கொடைப் புத்தகங்களில் செய்து பார்த்தேன். எட்டுப் பக்கம்தான் என்பதற்காக ஒரு புள்ளி போட்டிருந்த ஒரு குருவிக் கதையில் ‘பறந்துகொண்டிருந்தபோது’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதை மூன்று புள்ளிக்கு மாற்றிவிட்டேன்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை, கிளிநொச்சி

எங்கள் பாடசாலையும் சிறியது. தரம் ஒன்றும் இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன. எங்களுக்குப் புத்தகத்தைப் பிரிப்பதை விடக் கறையானே பெரிய பிரச்சினையாக இருந்தது. மாரி காலத்தில் சுவர் ஈரம் இழுக்கும். அலுமாரியைச் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, கால்களை எண்ணெய் ஊற்றிய பழைய டின்களுக்குள் இறக்கிவிட்டோம். கீழ்த்தட்டைக் காலியாக விட்டு, அதிலே பிள்ளைகள் அமரும் பாயைச் சுருட்டி வைக்கிறோம். கறையான் வந்தால் பாயின் ஓரத்தில் மண்கோடு தெரியும். புத்தகத்துக்கு ஏறுவதற்குள் பிடித்துவிடலாம்.

வாசிப்பில் பின்தங்கிய மூத்த பிள்ளைகளுக்கு நாங்கள் செய்தது ஒன்று உண்டு. தரம் ஐந்து மாணவர் ஒவ்வொருவருக்கும் தரம் ஒன்றில் ஒரு பிள்ளையைப் பொறுப்பாகக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைக்கு ஒரு கதை வாசித்துக்காட்ட வேண்டும். அதற்காக வியாழக்கிழமையே புத்தகத்தைத் தெரிவு செய்து வாசித்துப் பழக வேண்டும். அப்போது ஒரு வரிப் புத்தகத்தை எடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, தம்பிக்காக எடுக்கிறான். ஒரே புத்தகத்தை நான்கைந்து முறை உரத்து வாசிப்பதால் அவனுக்கும் ஓட்டம் வருகிறது. எல்லோருக்கும் இது சரிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவன் சொற்களைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துத் தானாகவே கதை கட்டிவிடுவான். சின்னவன் மிகவும் இரசித்துக் கேட்பான். அவனைத் திருத்துவதா விடுவதா என்று எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

கிளிநொச்சி ஆசிரியை சொல்வது புதிய செய்தி எனக்கு. அந்த மாணவனை விட்டுவிடுங்கள் என்பேன்; ஆனால் அவன் சொன்ன கதையை அவனையே எழுதச் சொல்லி, அதையும் அந்த அலமாரியில் வையுங்கள். தன் கையெழுத்தைப் படத்தை வைத்து ஊகிக்க முடியாது.

நிலைகளைக் கலப்பது பற்றி என் கருத்து முழுமையாக மாறவில்லை. எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் முதல் வகுப்புக்கு மட்டும் ஒரு தனிக்கூடை இருப்பதே நல்லது. அந்த வயதில் வெட்கம் வருவதில்லை, குழப்பம்தான் வரும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

இங்கே யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். கயிற்றில் திறந்து தொங்கினால் புத்தகம் காணாமல் போகும், கிழியும். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றும் ஏறியிருக்கிறது. பார்வைக்கு வருகிறவர் எண்ணிப் பார்த்தால் நான் என்ன பதில் சொல்வது? என் பள்ளியில் புத்தகம் பீரோவுக்குள் இருப்பதற்கு இதுதான் காரணம், சோம்பல் அல்ல.

இரண்டாசிரியர் தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

நியாயமான கேள்வி, சார். கூடை ஒன்றுக்குப் பதினைந்து என்ற கணக்கை நான் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆறு கூடைக்கும் ஆறு பிள்ளைகள் பொறுப்பு. மாலையில் மணியடிக்கும் முன் எண்ணிச் சொல்வார்கள், கயிற்றுக்குக் கிளிப்பை எண்ணினால் போதும், காலியாகத் தொங்கும் கிளிப் உடனே கண்ணில் படும். கிழிந்ததைத் தூக்கிப் போடாமல் தனி உறையில் போட்டு, பதிவேட்டில் எதிரே ‘சேதம்’ என்று தேதியுடன் தலைமை ஆசிரியர் கையொப்பம் வாங்கிவிடுகிறேன். பள்ளிக்குள் இதுவரை இழப்பு குறைவுதான். வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்தான் எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. நோட்டில் எழுதிக் கொடுத்தும் திங்கட்கிழமை பாதிதான் திரும்பி வருகிறது. அதை ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருந்தால், நோட்டில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். தஞ்சாவூர் ஐயா சொன்ன முதல் வகுப்புக் கூடையை அடுத்த மாதம் பெட்டி மாற்றும்போது ஏழாவதாக வைக்கப்போகிறேன்.