கைகுலுக்கும் படம் வேண்டாமென்றால் வேறு எது?

கோமதி: எங்கள் சிக்கன நாணய சங்கத்தின் பொதுக்குழுவுக்கு ஸ்லைடு தயாரிக்கிறேன். ‘உறுப்பினர்களின் நம்பிக்கை’ என்ற ஸ்லைடில் கோட் போட்ட இருவர் கைகுலுக்கும் படத்தை வைத்தேன். செயலாளர், "இதை எங்கே பார்த்தாலும் வைத்திருக்கிறார்களே" என்கிறார். ஒரே படத்தில் நம்பிக்கையை எப்படிக் காட்டுவது?

ரவி_72: அதையே வையுங்கள் மேடம். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பார்த்ததும் புரியும். புதுமை என்று புதிர் போட வேண்டாம்.

தூரிகை: புரியும், சரி. என்ன புரியும்? பேரம் முடிந்தது என்று. நம்பிக்கை என்பது நம் பொருளை இன்னொருவர் பொறுப்பில் விடுவது. போய்விடக்கூடிய ஒன்று படத்தில் இருந்தால்தான் அது தெரியும். எல்ஐசி சின்னத்தில் இரண்டு கைகளுக்கு நடுவே விளக்குச் சுடர் இருக்கிறது. காற்றடித்தால் அணைந்துவிடும், அதனால்தான் கைகளுக்கு வேலை.

உங்களுக்குச் சாவிக்கொத்து சரியாக வரும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களே, அது.

ரவி_72: சாவியா? வீட்டுக் கடன் விளம்பரம் என்று நினைப்பார்கள்.

பாலு அண்ணாச்சி: இலவசப் படம் எங்கே கிடைக்கும் என்றுதானே கேள்வி? பார்த்து எடுங்கள். என் மகள் கல்யாணப் பத்திரிகையில் வாட்டர்மார்க்கும் சேர்ந்தே அச்சாகிவிட்டது.

தூரிகை: அண்ணாச்சி, பாவம் நீங்கள்! கேள்வி அதுவல்ல.

ரவி சார் சொன்னது எனக்கே நடந்தது. வெள்ளைப் பின்னணியில் பளபளக்கும் ஒற்றைச் சாவி, வீடு வடிவக் கீசெயின். தலைப்பை மறைத்து நான்கு பேரிடம் காட்டினேன். மூன்று பேர் "ஃபிளாட் விற்பனையா?" என்றார்கள்.

அப்புறம் மொபைலிலேயே மறுபடி எடுத்தோம். காம்பவுண்ட் சுவருக்கு மேல் இரண்டு கைகள், நடுவே கயிறு கட்டிய பழைய சாவிக்கொத்து, ஓரத்தில் பயணப் பை. கொடுப்பவர் விரல் இன்னும் விடவில்லை, வாங்குபவர் கை தொட்டுவிட்டது, அந்த நொடி. முகம் இல்லை; இருந்தால் யாரென்று பார்ப்பார்கள். சாவியை இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் வெறும் சுவராக விட்டோம், தலைப்புக்காக. திரும்பக் காட்டியபோது, "ஊருக்குப் போறாங்க போல, சாவி கொடுக்கிறாங்க" என்றார் ஒருவர்.

கோமதி: மளிகைக் கடை கடன் நோட்டு எப்படி? எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள்.

தூரிகை: நல்ல படம்தான், ஆனால் திசை மாறிவிடும். நோட்டில் நம்புகிறவர் கடைக்காரர், அதாவது கடன் கொடுத்தவர். உங்கள் ஸ்லைடில் நம்புகிறவர் பணம் போட்ட உறுப்பினர். கடன் பிரிவு ஸ்லைடுக்கு வைக்கலாம்.

ரவி_72: கடைக்காரர் கண்ணுக்கு நோட்டு என்றாலே வராத பாக்கிதான்! சாவி பரவாயில்லை. ஆனாலும் பெரிய மண்டபத்தில், மங்கலான புரொஜெக்டரில், அந்த விரலும் பையும் யாருக்குத் தெரியும்? என் ஓட்டு கைகுலுக்கலுக்கே.

கோமதி: இரண்டையும் தலைப்பில்லாமல் செயலாளரிடம் காட்டப் போகிறேன், மண்டபத்துப் புரொஜெக்டரிலேயே. பை இருக்கிறது. எங்கள் வீட்டில் காம்பவுண்ட் சுவர்தான் இல்லை, கிரில் கேட் வழியாக நீட்டினால் போதுமா?