கணக்கை மூடினாலும் கேம் ஓடுமா?

பள்ளத்தூர்க்காரன்:
காசு கொடுத்து வாங்கிய கேம் என் சொத்து. ஆன்லைனில் கேம் விற்கும் ஸ்டீமில் என் கணக்கை மூடினாலும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற கேமை எவனும் பிடுங்க முடியாது.

தேவகோட்டை சிதம்பரம்:
இதைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. இதை நம்பி நாலு பையன்கள் கணக்கை மூடிவிட்டு அழுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் ஸ்டீமில் 1,499 ரூபாய் கட்டியபோது கேம் உங்கள் கைக்கு வரவில்லை. உங்கள் கணக்கின் பெயரில் அவர்கள் சர்வரில் ஒரு வரி எழுதப்பட்டது. அந்த வரிதான் லைசென்ஸ். நம்பிக்கை இல்லையென்றால் `store.steampowered.com/account/licenses` பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தத் தேதியில் எது, எப்படி வந்தது என்று வரிசையாக இருக்கும். உங்களிடம் உள்ளது அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் 80 ஜி.பி. அந்த வரி இருப்பதால் இறக்கித் தரப்பட்ட கோப்பு. கணக்கு போனால் அந்த வரியும் போகும்.

2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே பணம் கட்டும் இடத்தில் இதைச் சொல்கிறது, வாங்குவது லைசென்ஸ்தான் என்று. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் அமலான சட்டமும் அதைத்தான் கேட்கிறது: லைசென்ஸ்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் வைக்காதே என்று.

பள்ளத்தூர்க்காரன்:
கலிபோர்னியா சட்டம் பள்ளத்தூருக்கு எதற்கு? நான் கேட்டது ஒன்றே ஒன்று. கேம் ஓடுமா, ஓடாதா? என் லேப்டாப்பில் ஸ்டீமை மூடிவிட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, `steamapps\common` ஃபோல்டருக்குள் போய் கேமின் exe-ஐ இரண்டு தட்டு தட்டினேன். ஓடுகிறது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கோட்டையூர் பாலா:
அண்ணே, என் மொபைல் நம்பர் மாறிப்போச்சு. பழைய நம்பரில் இருந்த துப்பாக்கி ஸ்கின் எல்லாம் திரும்ப வருமா? ரெண்டாயிரத்துக்கு மேல் போட்டிருக்கேன்.

தேவகோட்டை சிதம்பரம்:
பாலா, அது நம்பர் மாறிய விஷயம். கணக்கு மூடப்படவில்லை. எந்த மெயிலோடு இணைத்தீர்களோ அதை வைத்து மீட்கப் பாருங்கள். இங்கே பேசுவது வேறு.

பள்ளத்தூர்க்காரரே, ஓடியது என்ன கேம்? சின்ன இண்டி கேமாக இருக்கும். ஸ்டீமில் விற்கிற கேம் எல்லாம் பூட்டோடு வருவதில்லை. பூட்டுப் போடுவதா வேண்டாமா என்பது தயாரிப்பவர் விருப்பம். போடாதவர்களின் கேம் நீங்கள் சொன்னபடி ஓடும், பென் டிரைவில் கொண்டுபோனாலும் ஓடும். போட்டவர்களின் கேமில் exe-ஐத் தட்டியதும் ஸ்டீம் தானாகத் திறந்து உள்ளே நுழையச் சொல்லும், அல்லது ஸ்டீம் ஓடவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அப்படி நடந்தால் அந்த கேம் உங்கள் கணக்கைக் கேட்கிறது என்று அர்த்தம். உங்களிடம் எத்தனை கேம்? ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
ஆக ஓடும் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். இதைத்தானே நானும் சொன்னேன்?

தேவகோட்டை சிதம்பரம்:
ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சில ஓடும் என்றேன். 'எவனும் பிடுங்க முடியாது' என்று நீங்கள் சொன்னது எல்லாவற்றுக்கும்.

கல்லுக்கட்டி குமார்:
என் கதையைக் கேளுங்கள். மூடச் சொல்லி நான் கேட்கவே இல்லை. ஒரு ஆன்லைன் கடையில் 999 ரூபாய் கேம், யு.பி.ஐ.யில் இரண்டு தடவை பணம் போய்விட்டது. நேராக பேங்குக்குப் போய் இரண்டு பரிவர்த்தனையையும் தகராறு என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் 1,998 ரூபாய் வந்தது. மறுநாள் கணக்கு பூட்டு. உள்ளே 60 கேம். அந்த கேம் போனால் போகட்டும், மற்ற 59-க்கு என்ன பாவம்?

தேவகோட்டை சிதம்பரம்:
குமார், ஒரு பணத்துக்குக் கேம் வந்தது. அதையும் சேர்த்துத் திரும்பக் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. கடையின் பார்வையில் கேமையும் எடுத்து, காசையும் எடுத்துவிட்டீர்கள். முதலில் கடையின் உதவிப் பக்கத்தில் இரண்டு பரிவர்த்தனை எண்ணையும் போட்டு, ஒன்றை மட்டும் திருப்பித் தரச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் தாமதமில்லை. அந்த 999-ஐக் கட்டிவிடுகிறேன், பூட்டை எடுங்கள் என்று எழுதுங்கள். பூட்டியது வேறு, மூடியது வேறு. பூட்டிய கணக்கில் லைசென்ஸ் வரிகள் அப்படியே இருக்கும்.

கல்லுக்கட்டி குமார்:
தப்பு என் பேரிலா? அவர்கள் இரண்டு தடவை எடுத்தது தப்பில்லையா? உங்கள் நெட் சென்டரில் அரை மணிக்கு ஒரு மணிக் காசு வாங்கின காலத்திலிருந்தே நீங்கள் கடைக்காரன் பக்கம்தான்.

தேவகோட்டை சிதம்பரம்:
அரை மணிக்கு அரை மணிக் காசுதான் வாங்கினேன். போர்டிலேயே எழுதியிருந்தது.

கல்லுக்கட்டி குமார்:
போர்டு மின்விசிறிக்குப் பின்னால் இருந்தது.

பள்ளத்தூர்க்காரன்:
கேமுக்கு வருவோம். பூட்டு இருக்கிற கேமுக்கும் வழி இருக்கிறது. ஸ்டீமிலேயே பேக்அப் எடுக்கும் வசதி உண்டு. 1 டி.பி. டிஸ்க்கில் 23 கேமையும் எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், இப்போதுள்ள 52-ஆம் பிரிவில், கணினி நிரலுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. சட்டமும் என் பக்கம்.

தேவகோட்டை சிதம்பரம்:
அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், `sku.sis` என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் திரும்ப நிறுவ ஸ்டீம் வேண்டும், அந்த கேமின் லைசென்ஸ் உள்ள கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். கணக்கு இல்லையென்றால் அந்த 1 டி.பி. பீரோவில் இடத்தை அடைப்பதோடு சரி. மறுபடி 80 ஜி.பி. இறக்கும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் அந்த வசதி.

பிரிவு 52 பிரதி எடுக்க விடுகிறது, உண்மை. யாருக்கு என்று அந்த வரியை முழுதாகப் படியுங்கள்: நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவருக்கு. லைசென்ஸை நீங்களே முடித்துக்கொண்ட பிறகும் அப்படி வைத்திருப்பவரா நீங்கள் என்பதை வக்கீல்தான் வாதாட வேண்டும். ஆம் என்றே வைத்துக்கொள்வோம். பிரதி வைத்துக்கொள் என்கிற சட்டம், பூட்டைத் திறந்துவிடு என்று கம்பெனிக்குச் சொல்லவில்லையே.

மீனாட்சி, கண்டனூர்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் தம்பி போன வருடம் தவறிவிட்டான். அவன் கணக்கில் நூறு கேமுக்கு மேல் இருக்கிறது. என் மகன் விளையாடுகிறான். எங்கள் வீட்டில் பத்துப் பங்காளிக்குப் பங்கு இருக்கிறது, யார் போனாலும் அவர் பங்கு பிள்ளைகளுக்கு வருகிறது. இதுவும் அப்படி வராதா?

தேவகோட்டை சிதம்பரம்:
வராது ஆச்சி. வீட்டில் பங்கு என்பது சொத்து, அதனால் இறங்கி வருகிறது. இது அவருக்கு மட்டும் தரப்பட்ட அனுமதி. கணக்கை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, உயில் எழுதினாலும் ஸ்டீம் ஏற்காது. ஜி.ஓ.ஜி. என்ற இன்னொரு கேம் கடை மட்டும் 2024-இல், கணக்கின் பெயரைக் குறிப்பிட்டு நீதிமன்ற உத்தரவு கொண்டுவந்தால் முடிந்ததைச் செய்கிறோம் என்றது. தம்பியின் கணக்கை மூடச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மீனாட்சி, கண்டனூர்:
மூட மாட்டேன். அவன் பெயர் அதில் இருக்கிறது.

பள்ளத்தூர்க்காரன்:
ஜி.ஓ.ஜி. என்றீர்களே, அங்கே என்ன நிலைமை? அங்கே வாங்கிய நாலு கேமுக்கு முழு செட்டப் கோப்பு என்னிடம் இருக்கிறது. கணக்கே கேட்காமல் எந்தக் கணினியிலும் ஏறுகிறது. மூடினாலும் ஓடும்.

தேவகோட்டை சிதம்பரம்:
ஓடும். அங்கேயும் ஒப்பந்தத்தில் இருப்பது லைசென்ஸ்தான், ஆனால் கோப்பில் பூட்டு இல்லை. மூடுவதற்கு முன் எல்லா செட்டப்பையும், பல துண்டாக இருந்தால் எல்லா `.bin` துண்டையும் இறக்கி வைத்திருக்க வேண்டும். ஒரு துண்டு விட்டுப்போனாலும் ஏறாது.

பள்ளத்தூர்க்காரன்:
மூன்றாவது தடவையாக ஓடும் என்கிறீர்கள். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கட்டி குமார்:
இதனால்தான் டிஸ்க் வாங்கச் சொல்கிறேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பர்மாவிலிருந்து வந்த பீங்கானையே இன்னும் விற்கிறார்கள். பொருள் கையில் இருந்தால் விற்கலாம், கொடுக்கலாம்.

தேவகோட்டை சிதம்பரம்:
யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-இல் டிஸ்க்காகவும் வந்தது. 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவனுக்கும் ஓடவில்லை. சர்வர் இல்லாமல் ஓடாதபடி செய்திருந்த கேம் அது. அதற்குப் பிறகு வாங்கியவர்களின் நூலகத்திலிருந்து லைசென்ஸையும் எடுத்தார்கள். யாரும் கணக்கை மூடவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை.

கல்லுக்கட்டி குமார்:
அது ஒரு கேம். டிஸ்க் என்றதும் ஞாபகம் வருகிறது. 2009-இல் என்னிடம் வாங்கிப்போன கிரிக்கெட் டிஸ்க்கை நீங்கள் இன்னும் தரவில்லை.

தேவகோட்டை சிதம்பரம்:
கீறலோடு கொடுத்தீர்கள், கீறலோடு உங்கள் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பள்ளத்தூர்க்காரன்:
சரி, சொல்லிவிடுகிறேன். குரூப் 2 தேர்வுக்குப் படிக்க வேண்டும், கேம் இருந்தால் படிப்பு ஓடாது. 19 நாள் முன்பே ஸ்டீமில் கணக்கை நீக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். தேர்வு முடிந்ததும் பீரோவிலிருந்து எடுத்து விளையாடுவேன். அவ்வளவுதான் விஷயம்.

தேவகோட்டை சிதம்பரம்:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நீக்கக் கேட்டால் 30 நாள் அவகாசம் தருவார்கள். உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. அதற்குள் ஸ்டீம் சப்போர்ட்டுக்கு எழுதி நிறுத்துங்கள். 30 நாள் தாண்டினால் லைசென்ஸ் திரும்ப வராது. பெட்டியில் வந்த கீ இருந்தாலும் அதைப் புதுக் கணக்கில் போட முடியாது, ஒரு தடவை போட்ட கீ செலவானதுதான்.

படிப்புக்காக என்றால் மூடவே வேண்டாம். லேப்டாப்பிலிருந்து ஸ்டீமை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி வீட்டில் கொடுத்து வையுங்கள். கணக்கு சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது.

பள்ளத்தூர்க்காரன்:
இப்போது இன்னும் ஐந்து கேமைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு ஓடியது.

தேவகோட்டை சிதம்பரம்:
மற்ற மூன்று?

பள்ளத்தூர்க்காரன்:
இரண்டு ஓடியது என்றேன். நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

தேவகோட்டை சிதம்பரம்:
அந்த மூன்றின் பெயரைச் சொல்லுங்கள். 11 நாள் இருக்கிறது.

கோட்டையூர் பாலா:
அண்ணே, எந்த மெயில் என்று மறந்துபோச்சு. அதுக்கு என்ன செய்யணும்?