ஷார்ட்ஸ் வீடியோவை முதல் 2 விநாடியிலேயே தள்ளிவிடுகிறார்கள்: தொடக்கத்தை எப்படி மாற்றுவது?

பெரம்பூர் பழுதுப்பெட்டி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் அப்பா நடத்தும் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடையில் இருந்தபடி சிறு வீடியோக்கள் எடுத்துப் போடுகிறேன். ஒரு வேலையை முழுதாகக் காட்டி, 40 விநாடிக்குள் முடித்துவிடுகிறேன். பார்வை எண்ணிக்கை ஓரளவுக்கு வருகிறது. ஆனால் யூடியூப் ஸ்டுடியோவில் பார்த்தால், வீடியோ கண்ணில் பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நிற்காமல் மேலே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியாகப் போட்டது, மிக்ஸி ஜாரின் அடியில் கறுப்பாக ஒழுகுவதைச் சரிசெய்யும் வீடியோ. முதலில் சேனலின் லோகோ வரும். பிறகு நான் கடையில் நின்றுகொண்டு, “வணக்கம் நண்பர்களே, நம்ம பழுதுப்பெட்டி சேனலுக்கு உங்களை வரவேற்கிறேன், இன்னைக்கு நாம பார்க்கப்போறது…” என்று தொடங்குவேன். வேலையில் குறை இல்லை என்று அப்பா சொல்கிறார். தொடக்கத்தில் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல்ஸ் பிரியன்:
லோகோவை எடுத்துவிடுங்கள், அது முதல் வேலை. அடுத்து, முதல் நொடியிலேயே பெரிய சத்தம் ஒன்று வர வேண்டும். ஒரு பொருளைக் கீழே போடுங்கள், அல்லது “இதை நீங்கள் நம்பவே மாட்டீர்கள்” என்று உரக்கச் சொல்லுங்கள். திரையில் ஏதாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசைவு இல்லாவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள்.

அண்ணா நகர் வாசி:
மாலை 7 மணிக்கு மேல் போட்டுப் பாருங்கள். தம்ப்நெயிலையும் இன்னும் பளிச்சென்று வையுங்கள்.

வடபழனி எடிட்டர்:
நேரமும் தம்ப்நெயிலும் இந்தக் கேள்விக்கு விடையாகா. ஷார்ட்ஸ் ஓடையில் தம்ப்நெயிலைப் பார்த்து யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. விரல் நகர்ந்ததும் வீடியோ தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முதல் பிரேம்தான் அங்கே தம்ப்நெயில்.

பார்வை எண்ணிக்கையை வைத்தும் இதை அளக்காதீர்கள். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு பார்வையாகக் கணக்கிடுகிறது. அரை விநாடியில் தள்ளிவிட்டவரும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார். நின்றவர்கள் எவ்வளவு, தள்ளிவிட்டவர்கள் எவ்வளவு என்ற பங்கைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது உங்களுக்கு. அதையே தொடர்ந்து பாருங்கள்.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, 2 விநாடியில் நிறுத்துங்கள். விநாடிக்கு 30 பிரேம் வீதம் எடுத்திருந்தால் அதுவரை 60 பிரேம்கள் ஓடியிருக்கும். அந்த அறுபதில் ஒன்றிலாவது ஜாரோ கறுப்பு ஒழுகலோ தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பெரம்பூர் பழுதுப்பெட்டி:
இல்லை சார். லோகோ ஒரு விநாடி வருகிறது. மீதி நேரத்தில் என் முகமும், பின்னால் அலமாரியும்தான் தெரிகின்றன. “சேனலுக்கு” என்ற சொல் வருவதற்குள்ளாகவே 2 விநாடி முடிந்துவிடுகிறது.

வடபழனி எடிட்டர்:
அப்படியென்றால் தள்ளிவிட்டவர்கள் உங்கள் வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வேலை என்ன என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. இந்தச் சிறு இடைவெளியில் பார்ப்பவருக்கு வேண்டியது ஒன்றுதான்: இது தன் வீட்டு விஷயம் என்று அவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

தொடக்கங்களில் பல வகை உண்டு. பழுதுபார்க்கும் வேலைக்கு நான் முதலில் எடுத்துக்கொள்வது அறிகுறியைக் காட்டும் தொடக்கம். பார்ப்பவர் தன் வீட்டில் ஏற்கெனவே கண்ட ஒன்றை, விளக்கம் எதுவும் இல்லாமல், அப்படியே முன்னால் வைப்பது அது. உங்களிடம் அதற்கான பொருள் கையிலேயே இருக்கிறது. ஒழுகும் ஜாரைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடிப்பகுதியை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். கறுப்பு மை போன்ற அந்த அழுக்கு துணியில் படிவது திரையை நிறைத்துத் தெரியட்டும். முகம் வேண்டாம், அலமாரி வேண்டாம், மேசையில் வேறு பொருளும் வேண்டாம்.

வெட்டும் இடத்தைக் கவனியுங்கள். கை ஜாரை நோக்கிப் போவதிலிருந்து தொடங்கக் கூடாது. துணி ஜாரைத் தொட்டு, துடைப்பு பாதியில் இருக்கும்போது முதல் பிரேம் வர வேண்டும். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சை இழுத்துப் பேசத் தொடங்கும் அந்த அரை விநாடி, புதிதாகச் செய்பவர்கள் எல்லோருடைய வீடியோவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது தட்டையான கோடாகத் தெரியும். அதை முழுவதுமாக வெட்டிவிடுங்கள்.

பேச்சில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. “இன்னைக்கு நாம பார்க்கப்போறது” என்று தொடங்கினால் பொருளின் பெயர் கடைசியில்தான் வரும், அதற்குள் நேரம் போய்விடுகிறது. பொருளின் பெயரை முதலில் வையுங்கள். “மிக்ஸி ஜார் அடியில் இப்படிக் கறுப்பா வருதா?” என்றால் ஐந்தாறு சொற்கள்தான், இயல்பான வேகத்தில் 2 விநாடியை ஒட்டி முடிந்துவிடும், முதல் இரண்டு சொற்களிலேயே விஷயமும் தெரிந்துவிடும்.

ரீல்ஸ் பிரியன் அசைவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த அசைவு விஷயத்தின் அசைவாக இருக்க வேண்டும். பொருளைக் கீழே போட்டால் ஒருவர் திடுக்கிட்டு ஒரு கணம் நிற்கலாம். அது ஜாருக்குத் தொடர்பில்லாதது என்று தெரிந்ததும் நகர்ந்துவிடுவார். மேலும், மின்சார ரயிலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு அந்த ஓசை இல்லவே இல்லை.

ரீல்ஸ் பிரியன்:
ஓசை விஷயத்தில் நான் முழுவதும் உடன்படவில்லை. துணி தேய்க்கும் சத்தத்தை விட, ஜார் மேசையில் ‘டக்’ என்று வைக்கப்படும் சத்தம் கவனத்தை இழுக்கும். விஷயத்தோடு சேர்ந்த சத்தம்தானே அது?

வடபழனி எடிட்டர்:
அந்த வகையில் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அது ஜாரிலிருந்து வரும் சத்தம், ஆகவே வைக்கலாம். ஆனால் சத்தத்தை அணைத்தாலும் தொடக்கம் புரிய வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதற்காகத் திரையில் எழுத்து தேவை. “ஜார் அடியில் கறுப்பா?” என்று மூன்று சொற்கள் போதும். வீடியோவின் கீழ்ப்பகுதியைத் தலைப்பும் சேனல் பெயரும், வலது ஓரத்தை லைக், பகிர்வுப் பொத்தான்களும் மறைத்துக்கொள்கின்றன. எனவே எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். தடித்த எழுத்துருவாக இருக்கட்டும். மெல்லிய எழுத்துருவில் தமிழின் சுழிகள் சிறிய திரையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். எழுத்து மெதுவாக மிதந்து வரும் அனிமேஷனைப் போடாதீர்கள். முதல் பிரேமிலேயே முழுதாக நிற்க வேண்டும்.

மயிலாப்பூர் கோலம்:
தம்பி, நான் கோலம் போடும் வீடியோக்கள் போடுகிறேன். எனக்கும் இதே குறைதான். புள்ளி வைப்பதிலிருந்து தொடங்கினால் பலர் நிற்பதில்லை. என்னிடம் அறிகுறியும் இல்லை, பழுதும் இல்லை. நான் எதைக் காட்டித் தொடங்குவது? முடிந்த கோலத்தை முதலில் காட்டிவிடலாமா?

வடபழனி எடிட்டர்:
அம்மா, உங்களுக்கு நடுவிலிருந்து தொடங்கும் முறை பொருந்தும் என்று நினைக்கிறேன். புள்ளிகள் எல்லாம் வைத்து, சிக்குக் கோலத்தின் கோடு ஒரு வளைவைச் சுற்றிவந்து இன்னொரு கோட்டைத் தாண்டப்போகும் கணத்தை முதல் பிரேமாக வையுங்கள். அந்தக் கோடு எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கக் கண் தானாகவே காத்திருக்கும். பிறகு புள்ளி வைப்பதை வேகமாகக் காட்டலாம்.

முடிந்த கோலத்தை முதலில் காட்டுவதைப் பற்றி எடிட்டர்களான எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. அதன் அழகுக்காக நிற்பவர்கள் உண்டு. முடிவைப் பார்த்துவிட்டோமே என்று பாதியில் போகிறவர்களும் உண்டு. ஒரே கோலத்துக்கு இரண்டு தொடக்கமும் எடுத்துப் போட்டு, நின்றவர்களின் பங்கையும் கடைசிவரை பார்த்தவர்களின் பங்கையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கில் ட்ரையல் ரீல்ஸ் வசதி இருந்தால், உங்களைப் பின்தொடராதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டிப் பார்க்கலாம்.

பெரம்பூர் பழுதுப்பெட்டி:
சார், நீங்கள் சொன்னபடியே வெள்ளைத் துணியை வைத்து மறுபடியும் எடுத்துப் போட்டேன். இந்த முறை தள்ளிவிட்டவர்களை விட நின்றவர்கள் தெளிவாக அதிகம். ஆனால் எந்த விநாடியில் எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் ஸ்டுடியோ வரைபடத்தில் வேறொரு இறக்கம் வந்திருக்கிறது. முதல் 2 விநாடி நன்றாக நிற்கிறது. 4 விநாடியைத் தாண்டியதும் கோடு சட்டென்று விழுகிறது.

வடபழனி எடிட்டர்:
4 விநாடியில் திரையில் என்ன இருக்கிறது?

பெரம்பூர் பழுதுப்பெட்டி:
துணியைக் காட்டிவிட்டு, “வணக்கம் நண்பர்களே” என்று சேனலை அறிமுகம் செய்கிறேன். மரியாதைக்காக அதை விடவில்லை.

வடபழனி எடிட்டர்:
காரணம் அதுதான். முதல் 2 விநாடியில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவரிடம் சேனலின் பெயரைச் சொல்கிறீர்கள். தொடக்கத்திலேயே விழும் கோடு விஷயம் புரியவில்லை என்று காட்டும். சற்று நின்ற பிறகு விழும் கோடு, காட்டியதற்கு அடுத்தது வரவில்லை என்று காட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. இப்போது துணியை மாற்றிப் பயனில்லை.

துடைத்து முடித்ததும் அடுத்த காட்சியிலேயே பிளேடை விரல்களால் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு ஆடினால் உள்ளே அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, உலோகத் தேய்மானமும் எண்ணெயும் சேர்ந்துதான் கறுப்பாக வருகிறது என்று சொல்லிவிடுங்கள். இது 6, 7 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். வணக்கத்தைக் கடைசியில், வேலை முடிந்த ஜாரைத் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மீது வைத்துச் சோதிக்கும் இடத்தில் சொல்லலாம். அப்போது கேட்பவர் நிற்பார்.

பெரம்பூர் பழுதுப்பெட்டி:
“புது ஜார் வாங்கிடாதீங்க, இதைப் பாருங்க” என்று தொடங்கச் சொல்கிறார் நண்பர் ஒருவர். அது இதைவிட நன்றாக இருக்குமா?

வடபழனி எடிட்டர்:
எச்சரிக்கைத் தொடக்கம் வேலை செய்யும், ஆனால் அதில் ஒரு கடன் இருக்கிறது. ஜார் விரிசல் விட்டிருந்தாலோ அடிப்பகுதியே அரித்துப்போயிருந்தாலோ புது ஜார்தான் வாங்க வேண்டியிருக்கும். அதையும் வீடியோவுக்குள் சொல்ல முடியும் என்றால் அந்த வாக்கியத்தை வையுங்கள். சொல்ல இடமில்லை என்றால் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விரிசல் விட்ட ஜாரை எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறவரிடம் அப்பாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரீல்ஸ் பிரியன்:
முகமே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. பழகிய முகத்துக்காக நிற்பவர்களும் உண்டு.

வடபழனி எடிட்டர்:
பழகியவர்களுக்கு அது உண்மை. ஆனால் ஷார்ட்ஸ் ஓடையில் வருபவர்களில் பலர் இவரை முதன்முறையாகப் பார்ப்பவர்கள். சேனல் வளர்ந்த பிறகு முகத்தோடு ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம். விடை இவருடைய வரைபடத்தில்தான் இருக்கும், என்னிடம் இல்லை.

மயிலாப்பூர் கோலம்:
கோட்டிலிருந்து தொடங்கும் வீடியோவை நாளை காலை வாசலில் எடுக்கிறேன் தம்பி. ஒரு சந்தேகம்: கேமராவை மேலிருந்து நேராக வைத்தால் என் கையின் நிழல் கோட்டின் மேல் விழுகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

வடபழனி எடிட்டர்:
வெளிச்சம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் கை இருக்கும்படி உட்காருங்கள் அம்மா. கையின் நிழல், நீங்கள் போட்டு முடித்த கோட்டின் மேல் விழாமல் வெளியே போய்விடும். அல்லது வெயில் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.