புதுப்பிப்பு: மாமா கடையில் மருந்து தெளிப்பு

"பொன்னேரிப் பக்கம் மாமாவின் உரக்கடையில் விதை, உரம் தவிர வேறு என்ன வருமானம் பார்க்கலாம்?" – போன மாதம் நான் கேட்டது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஞாயிறுதோறும் போய் வருகிறேன். கூலிக்கு மருந்து தெளிக்கத் தொடங்கிவிட்டோம். நெல்லுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், அதாவது 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை. டேங்குக்கு 60 ரூபாய், அதில் தெளிப்பவருக்கு 40.

மாடித்தோட்டத்துக்கு ஆள் வருமா என்று கேட்ட ராயபுரம் அக்கா, இது வயலுக்குத்தான்!

"டேங்கைக் கழுவினால் போதும்" என்று அப்போது பதில் எழுதியவர் சொன்னது பாதிதான் சரி. 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கை மூன்று முறை தண்ணீரில் அலசியும், அடுத்து அதில் மருந்து அடித்த கத்தரியின் குருத்திலைகள் முறுக்கிக்கொண்டன. நஷ்டஈடு கொடுத்தோம். தனி டேங்க், தனிக் குழாய் என்று பதிலில் முதலிலேயே எச்சரித்த அண்ணன் பேச்சைக் கேட்டிருக்கலாம். இப்போது சிவப்பு பெயிண்ட் பூசிய டேங்க் களைக்கொல்லிக்கு மட்டும்.

சரி, மழை நாளில் தெளிப்பவருக்கு என்ன வேலை கொடுப்பது?