டேட்டா ஷீட்டை அழித்த பிறகும் டபுள் கிளிக்கில் எல்லாம் வருகிறது

மீனா, ரோஸ் ஹில்:
தையல் ஆலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். இரவு ஓவர்டைமுக்குப் பிரிவுக்கு எத்தனை பேர் என்று எக்செலில் பிவட் டேபிள் போட்டு, டேட்டா ஷீட்டை அழித்துவிட்டு, வேன் ஓட்டும் ஒப்பந்தக்காரருக்கு அனுப்பினேன். அவர் ஓர் எண்ணின் மேல் டபுள் கிளிக் செய்ததும் எல்லாருடைய அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் வந்துவிட்டதாம். ஷீட்டே இல்லாதபோது எப்படி வரும்? இனி எப்படி அனுப்புவது?

சிவா, எபேன்:
அக்கா, இதற்கு ஒரு டிக்தான். பிவட் டேபிள் மேல் வலது கிளிக் செய்து PivotTable Options போங்கள். Data என்ற பகுதியில் Enable show details என்று இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டால் டபுள் கிளிக் வேலை செய்யாது. எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கோப்பையும் இப்படித்தான் அனுப்புகிறோம். இதுவரை பிரச்சினை வந்ததில்லை.

நடராஜன், போர்ட் லூயிஸ்:
தம்பி சிவா, அந்த டிக்கை நீங்கள் எடுத்த அதே இடத்தில் வாங்கியவர் திரும்பப் போட்டுவிடலாம். அது பூட்டு இல்லை, கதவைச் சாத்தி வைப்பது மட்டும்தான்.

மீனாம்மா, பிவட் டேபிள் உங்கள் ஷீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை. உருவாக்கும்போதும், Refresh கொடுக்கும்போதும் மொத்த டேட்டாவையும் ஒரு பிரதி எடுத்து அதே கோப்புக்குள் வைத்துக்கொள்கிறது. டபுள் கிளிக் செய்தால் விவரம் வருவது அந்தப் பிரதியிலிருந்துதான். நீங்கள் அழித்தது மூலத்தை. பிரதி அப்படியே கிடக்கிறது.

உங்கள் கோப்பு மாதிரியே ஒன்றை இப்போது செய்து பார்த்தேன். 180 பேர், 14 பத்திகள். பிவட்டில் பிரிவின் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து, இரவு ஷிப்டுக்குப் பில்டர் போட்டேன். வெட்டும் பிரிவில் 11 என்று காட்டியது. டேட்டா ஷீட்டை அழித்தேன், சேமித்தேன், மூடித் திறந்தேன். 11 மேல் டபுள் கிளிக் செய்ததும் புது ஷீட்டில் 11 வரிகள் வந்தன. பிவட்டில் இருந்தவை இரண்டு மூன்று பத்திகள்தான், ஆனால் வந்தவை 14ம். வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருந்தது. Grand Total மேல் தட்டினால் இரவு ஷிப்ட் 62 பேரும் வந்தார்கள். பில்டரை எடுத்துவிட்டு மறுபடி தட்டினேன், 180 பேரும் வந்துவிட்டார்கள்.

நம் மொரீஷியஸ் அடையாள அட்டை எண்ணில் பிறந்த தேதியும் இருக்கிறது. அதனால் இதைச் சின்ன விஷயமாக விட முடியாது.

சிவா, எபேன்:
அண்ணே, வேன் ஒப்பந்தக்காரர் எங்கே போய் அந்த டிக்கைத் தேடப் போகிறார்? சரி, கூடவே ஷீட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினால்?

நடராஜன், போர்ட் லூயிஸ்:
ஷீட்டைப் பூட்டினால் டபுள் கிளிக் நிற்கும், அது உண்மை. ஆனால் பிரதி கோப்பைவிட்டுப் போகவில்லையே. உங்கள் xlsx கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இது இருக்கும்:

```
xl/pivotCache/pivotCacheRecords1.xml
```

180 வரியும் அதில் படிக்கும்படி இருக்கின்றன. ஷீட்டுக்குப் போட்ட பாஸ்வேர்ட் இதைத் தொடவே இல்லை. அவர் தேட மாட்டார் என்பது அவருடைய நல்ல குணத்தை நம்புவது. அந்தக் கோப்பு அவரிடமிருந்து யார் யாருக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

முத்து, காத்ர் போர்ன்:
எனக்கும் இந்த டபுள் கிளிக்கில்தான் தொல்லை. வந்த ஷீட்டில் ஒருவருடைய மணி நேரத்தைத் திருத்தினேன். பிவட்டில் மொத்தம் மாறவில்லை. Refresh கொடுத்தும் மாறவில்லை. இதுவும் அந்த டிக்கால்தானா?

லட்சுமி, கியூர்பிப்:
முத்து, அது வேறு விஷயம். டபுள் கிளிக்கில் வரும் ஷீட் பார்ப்பதற்கான நகல். அதில் எதைத் திருத்தினாலும் பிவட்டுக்குத் தெரியாது. ஆள் எண்ணை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, மூல ஷீட்டில் அதே வரியைத் தேடித் திருத்துங்கள். அப்புறம் Refresh கொடுங்கள். அந்த நகல் ஷீட்டை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் எது சரியான கணக்கு என்று நீங்களே குழம்புவீர்கள்.

நடராஜன் அண்ணா சொல்வது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் டபுள் கிளிக்கையே ஒழித்துவிடுவார்களோ என்று எனக்குக் கவலை. நான் கணக்குத் தணிக்கை செய்கிறவள். போன மாதம் பேக்கிங் பிரிவின் ஓவர்டைம் மற்ற மாதங்களைவிடத் துருத்திக்கொண்டு நின்றது. அந்தத் தொகை மேல் தட்டினேன், 23 வரிகள் வந்தன. மணி நேரத்தை இறங்கு வரிசையில் அடுக்கியதும் முதல் வரியிலேயே 9.6க்குப் பதில் 96 உட்கார்ந்திருந்தது. வெறும் எண்ணாக ஒட்டி அனுப்பியிருந்தால் இரண்டு நாள் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கு வரும் கோப்பில் விவரம் இருந்தே ஆக வேண்டும்.

நடராஜன், போர்ட் லூயிஸ்:
லட்சுமி, உங்களுக்கு அனுப்புவதும் வேன்காரருக்கு அனுப்புவதும் ஒரே கோப்பாக இருப்பதுதான் தவறு. வேன்காரருக்கு எண் மட்டும் போதும். பிவட்டை நகல் எடுத்து, புதுக் கோப்பில் Paste Values என்று ஒட்டி அனுப்பினால் பிரதி கூடவே போகாது.

உங்களுக்கு என்றால், மூல ஷீட்டை ஒரு நகலாக எடுத்து, அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, முகவரி மூன்றையும் அதிலிருந்து நீக்கி, மிச்சத்தின் மேல் புதிதாகப் பிவட் போட வேண்டும். ஆள் எண், பிரிவு, மணி நேரம் இருந்தால் அந்த 96ஐ நீங்கள் பிடித்திருப்பீர்கள்.

அதே Data பகுதியில் Save source data with file என்று இன்னொரு டிக் இருக்கிறது. அதை எடுத்துச் சேமித்தால் வரிகள் கோப்பில் போகாது. ஆனால் மூடித் திறந்துதான் சோதிக்க வேண்டும், ஏனென்றால் திறந்திருக்கும்வரை பிரதி நினைவகத்தில் இருப்பதால் டபுள் கிளிக் அப்போதும் வேலை செய்யும்.

லட்சுமி, கியூர்பிப்:
மூன்று பத்திகளை நீக்குவது சரி. ஆனால் பத்தியை நீக்கியது யார், அந்த நேரத்தில் வரியும் போயிற்றா என்று எனக்கு எப்படித் தெரியும்? முழுக் கோப்பையும் திறக்கப் பாஸ்வேர்ட் போட்டு அனுப்பட்டும் என்பேன். டபுள் கிளிக்கில் வந்த ஷீட்டை நான் தணிக்கைக் கோப்பில் சான்றாகவே வைக்கிறேன்.

நடராஜன், போர்ட் லூயிஸ்:
சான்று என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஷீட் காட்டுவது கடைசியாக Refresh செய்த நேரத்து நிலவரம். மூலத்தில் அதற்குப் பிறகு திருத்தியிருந்தால் அது பழைய வரி. எப்போது எடுத்தது என்றும் அதில் எழுதியிருக்காது. Refresh கொடுத்துவிட்டுத் தட்டினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாஸ்வேர்ட் தெரிந்தவருக்கு 14 பத்தியும் தெரியும்.

மீனா, ரோஸ் ஹில்:
இப்போதே புதுக் கோப்பில் எண்களை மட்டும் ஒட்டி அனுப்பிவிட்டேன். வேன்காரரைக் கூப்பிட்டுப் பழையதை அழிக்கச் சொன்னேன், தன் மகனுக்கும் அனுப்பியதாகச் சொல்கிறார். மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை.

சிவா, எபேன்:
இரண்டு பேர்தானே அக்கா. அழித்துவிட்டால் முடிந்தது. பெரிதாக்க வேண்டாம்.

லட்சுமி, கியூர்பிப்:
சிவா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படிக் கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. இது அதில் வருமா என்று முடிவு செய்ய வேண்டியது நிறுவனம்தான், நீங்களோ மீனாவோ அல்ல. மீனா, இன்றைக்கே மேலாளரிடம் சொல்லுங்கள். எந்தக் கோப்பு, எப்போது போனது, யார் யார் திறந்தார்கள் என்று எழுதியே கொடுங்கள்.

முத்து, காத்ர் போர்ன்:
மூலத்தில் திருத்தி Refresh கொடுத்தேன், மொத்தம் மாறிவிட்டது. நன்றி அக்கா. போன வருடம் வெளியே அனுப்பிய பிவட் கோப்புகளை இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து Grand Total மேல் தட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கில் மூன்றில் வரிகள் வருகின்றன.