‘நியாயப்படுத்தல் குறிப்பு’க்கு மாற்றுச் சொல் வேண்டும்

மல்லிகா:

வணக்கம். அலுவலகப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு துறை அடுத்த ஆண்டுக்குப் பணம் கேட்கும்போது, ஒவ்வொரு செலவு இனத்துக்கும் இவ்வளவு ஏன் வேண்டும் என்று எழுதி ஒரு தாளை இணைப்பார்களே, அந்த ‘பட்ஜெட் ஜஸ்டிஃபிகேஷன் நோட்’டுக்கு என்ன சொல்லலாம்? எனக்கு முன்னால் செய்தவர் ‘நிதிநிலை நியாயப்படுத்தல் குறிப்பு’ என்று போட்டிருக்கிறார். தப்பு செய்துவிட்டு மழுப்புகிற மாதிரி ஒலிக்கிறது. ‘வரிவாரி விளக்கம்’ என்று மாற்றிப் பார்த்தேன். பட்ஜெட் ஆவணத்தில் ‘வரி’ என்றால் எல்லோரும் வேறு வரியைத்தான் நினைப்பார்கள்!

அன்வர்:

நியாயப்படுத்தல் என்பதே நேரான சொல். அதற்கு என்ன குறை? உண்மையில் அந்தத் தாளில் நடப்பதும் அதுதான். போன வருடத் தொகையோடு பத்து சதவீதம் சேர்த்து, பக்கத்தில் ‘விலைவாசி உயர்வு’ என்று எழுதுவோம். வேலை முடிந்தது.

இராமநாதன்:

தணிக்கையில் ‘ஏன் கூடுதலாகச் செலவழித்தீர்கள்’ என்று கேட்டால் நாம் பதில் எழுதுகிறோமே, அதற்குத்தானே சொல் கேட்கிறீர்கள்? அதற்கு ‘விளக்க அறிக்கை’ என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

மல்லிகா:

இல்லை ஐயா. அது செலவு ஆன பிறகு எழுதுவது. இது பணமே வராத நிலையில், கேட்கும்போது எழுதுவது.

சுந்தரம்:

பல ஆண்டுகள் இந்தக் குறிப்புகளைப் படித்துத் தொகையை வெட்டுகிற நாற்காலியில் இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்வர் தம்பி சொன்னதில் பாதி சரி. விலை உயர்வு நல்ல காரணம்தான். ஆனால் அது எவ்வளவு தொகைக்குக் காரணம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு துறையின் எரிபொருள் இனத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க லிட்டர் விலையை 100 என்று வைக்கிறேன்.

மூன்று வண்டிகள் போன ஆண்டு மொத்தம் 54,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 4,500 லிட்டர், அதாவது 4,50,000. அடுத்த ஆண்டு துறை 5,80,000 கேட்கிறது. எதிரே எழுதியிருக்கும் காரணம் ‘எரிபொருள் விலை உயர்வு மற்றும் பணி அதிகரிப்பு’. விலை 100-லிருந்து 104 ஆகும் என்பது எனக்கும் தெரியும். அதைப் போட்டால் 4,68,000 வருகிறது. ‘பணி அதிகரிப்பு’ என்பதை வைத்து நான் எந்த எண்ணையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே 4,68,000 மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். இதில் கோபமோ கஞ்சத்தனமோ கிடையாது. எழுதிய காரணம் அவ்வளவு தூரம்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது.

விசாரித்தால், ஆண்டின் நடுவில் நான்காவது வண்டி வரப்போகிறது என்று தெரியும். அரை ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர், 750 லிட்டர். இதை எழுதியிருந்தால் மொத்தம் 5,250 லிட்டர், 104 விலையில் 5,46,000. ஏற்றம் 96,000. இதில் பழைய மூன்று வண்டிகளுக்கான விலை வித்தியாசம் 18,000, புதிய வண்டிக்கு 78,000. புதிய வண்டிக்குப் பழைய விலையில் 75,000 போட்டு, மீதி 3,000-ஐ விலை உயர்வில் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நாளை அந்த வண்டிக்கு அனுமதி இல்லை என்று ஆனால் கழிக்க வேண்டியது 78,000. அது ஒரே இடத்தில் நின்றால்தான் வெட்டுகிறவன் சரியாக வெட்டுவான்.

கேட்ட 5,80,000-க்கும் இதற்கும் நடுவே இன்னும் 34,000 இருக்கிறது. அதற்குக் காரணமே கிடையாது, ‘கொஞ்சம் கூட்டிக் கேட்டால்தான் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள்’ என்ற கணக்கு. அந்த 34,000 கண்ணில் பட்டதும் மற்ற இனங்களையும் சந்தேகத்தோடு படிக்க ஆரம்பித்துவிடுவோம். பாதிப்பு அங்கேதான் பெரியது.

செல்வி:

ஐயா சொல்வதைப் படித்ததும் எங்கள் ஆய்வகக் கதை ஞாபகம் வந்துவிட்டது. கருவிப் பராமரிப்பு என்ற இனத்துக்கு எதிரே ‘கருவிகளின் பராமரிப்புக்காக’ என்று நான்தான் எழுதினேன். பாதியாக வெட்டிவிட்டார்கள். ஏற்கெனவே கையெழுத்தான இரண்டு ஆண்டு ஒப்பந்தம் அது, பாதி கட்டவே முடியாது. ஆண்டு நடுவில் வேறு இனத்திலிருந்து மாற்றக் கேட்டு அலைந்தேன்.

சுந்தரம்:

அம்மா, நீங்கள் எழுதியது காரணம் இல்லை, தலைப்பை இன்னொரு முறை சொன்னது. இந்தத் தாள்களில் பாதி அப்படித்தான் இருக்கும். எத்தனை கருவிகள், ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, ஆண்டுக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று இரண்டு வாக்கியம் போட்டிருந்தால் அது கைவைக்க முடியாத தொகை என்று படித்தவருக்குத் தெரிந்திருக்கும். கட்டியே தீர வேண்டியதும் தள்ளிப்போடக் கூடியதும் தாளில் ஒரே மாதிரி தெரிந்தால், வெட்டு இரண்டின் மேலும் விழும்.

கயல்:

நான் சொல்லுக்கு வருகிறேன். சுந்தரம் ஐயா சொன்னதிலிருந்து, எண்ணைப் பிறப்பிக்கிற காரணம் மட்டுமே இங்கே காரணம் என்று புரிகிறது. 9,000 கிலோமீட்டரை 6,000 ஆக்கினால் தொகையும் இறங்க வேண்டும். தருக்கத்தில் இதற்கு ‘ஏது’ என்று அழகான சொல் இருக்கிறது. முடிவை நிலைநிறுத்துகிற காரணம். ‘ஏதுக் குறிப்பு’ என்று வைத்தால் என்ன?

அன்வர்:

“ஏதுக் குறிப்பு அனுப்பிவிட்டீர்களா?” “ஏது குறிப்பு?” எங்கள் அலுவலகத்தில் இதுதான் நடக்கும்.

கயல்:

சரி, அது அவுட்! ‘முகாந்திரக் குறிப்பு’?

மல்லிகா:

முகாந்திரம் என்றால் வழக்கு, புகார் வாடை அடிக்கிறது. ‘தேவை விளக்கக் குறிப்பு’ என்று யோசித்தேன். ஆனால் மானியக் கோரிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்கிற ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ நினைவுக்கு வந்து குழப்பும். தவிர, தேவையை மட்டும் விளக்கினால் போதாது என்றுதானே ஐயா இவ்வளவு நேரம் சொல்கிறார். வண்டி தேவை என்பது வேறு, 78,000 தேவை என்பது வேறு.

கயல்:

அப்போது தொகை என்ற சொல்லே உள்ளே வரட்டும். ‘தொகைக் காரணக் குறிப்பு’.

சுந்தரம்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. தொகைக்குக் காரணம் எழுது என்று பெயரே கேட்கிறது. ‘கருவிகளின் பராமரிப்புக்காக’ என்று எழுதக் கை கூசும்.

இராமநாதன்:

காரணம் என்றதும் ஊழியர்கள் ‘காரணம் கேட்கும் குறிப்பாணை’ வந்துவிட்டதோ என்று பயப்பட மாட்டார்களா?

அன்வர்:

அதை விடுங்கள். அதே அளவு கேட்கும் இனங்களுக்கும் எழுத வேண்டுமா? கூடினால்தானே காரணம்?

சுந்தரம்:

எழுத வேண்டும். போன ஆண்டு ஒதுக்கியதை அப்படியே அடிப்படையாக எடுத்தால், அதில் பாதி செலவாகாமல் கிடந்தது மறைந்துவிடும். ஒதுக்கீட்டைப் பார்க்காமல் வண்டியின் ஓட்டப் பதிவேட்டைப் பார்த்துத் தொடங்குங்கள். இன்னொன்று, நான்காவது வண்டி அதற்கடுத்த ஆண்டு முழுக்க ஓடும், 1,500 லிட்டர் ஆகும். அதை இந்தக் குறிப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் சொன்னால் வண்டிக்கே அனுமதி கிடைக்காது என்று மறைக்கிற துறைகளும் உண்டு.

மல்லிகா:

கையேட்டில் இப்போதைக்கு ‘தொகைக் காரணக் குறிப்பு’ என்று போடுகிறேன். இராமநாதன் ஐயாவின் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம், அந்த ‘மறு ஆண்டு முழுச் செலவு’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். மூலத்தில் அதற்குத் தனியாக ஒரு பத்தியே இருக்கிறது.

கயல்:

‘முழு ஆண்டுச் சுமை’?

அன்வர்:

சுமை என்றால் வண்டி கிடைத்த மாதிரிதான்.