மூன்று சரணத்தில் ஒரு கதை, கடைசி வரியில் திருப்பம்: எங்கே இடறுகிறது?

புதுவரி: எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய். வெளியூர் போன மகனின் கடிதங்களைப் பக்கத்து வீட்டுக்காரன் வாசித்துக் காட்டுகிறான். அந்தக் கடிதங்களை எழுதியவனே அவன்தான் என்பது மூன்றாம் சரணத்தின் கடைசி வரியில் தெரிய வேண்டும். பல்லவி: "வாசிக்கிறேன் கேளம்மா, வரிக்கு வரி கேளம்மா". கடைசி வரி இப்போது: "எழுதியது எல்லாம் நான்தான் அம்மா". கேட்டவர்களில் பாதிப் பேர் இரண்டாம் சரணத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள், மீதிப் பேர் முடிவை ஏமாற்று வேலை என்கிறார்கள். எதை மாற்றுவது?

கதைமுடிச்சு: இரண்டாம் சரணத்தில் குறிப்புக் கொடுத்தால் கண்டுபிடிக்கத்தான் செய்வார்கள். முதல் இரண்டு சரணத்திலும் தாயின் ஏக்கம் மட்டும் இருக்கட்டும். வாசிப்பவனைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். எல்லாவற்றையும் மூன்றாம் சரணத்தில் திறந்தால் போதும்.

சந்தமறிந்தவர்: முதல் இரண்டு சரணத்தில் முடிவைச் சொல்லக் கூடாது, அது சரி. ஆனால் வாசிப்பவனையே மறைத்துவிட்டால் கடைசி வரியில் வருபவன் புது ஆள். புது ஆள் வந்து உண்மை சொன்னால் கேட்பவருக்கு அது செய்தி, திருப்பம் ஆகாது. 'அட, அப்போதே இருந்ததே' என்று தோன்ற, காதில் விழுந்தும் கவனத்தில் பதியாத இரண்டு தடயமாவது முன்னால் இருக்க வேண்டும்.

புதுவரி, முதல் இரண்டு சரணத்தையும் இங்கே போடுங்கள். சிக்கல் வினைமுற்றில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

புதுவரி: முழுதும் நீளம். தேவையானவை இவை. முதல் சரணம்: "மகன் எழுதிய கடிதம் வந்தது, மடித்த தாளைப் பிரிக்கிறேன்". இரண்டாவது: "முழங்கால் வலி தேவலையா என்று மகன் கேட்கிறான்". அதற்கு முந்தைய வரியில், முழங்கால் வலியை வாசிப்பவனிடம் மட்டும் சொன்னதாகத் தாய் சொல்கிறாள். இரண்டாம் சரணம் முடிவது: "யாரிடமும் சொல்லாததை எப்படித்தான் அறிந்தானோ".

சந்தமறிந்தவர்: இரண்டு குறையும் இந்த வரிகளிலேயே இருக்கின்றன.

முதலில் ஏமாற்று. "மகன் எழுதிய கடிதம் வந்தது" என்பதைச் சொல்வது வாசிப்பவன். கதைப்படி மகன் எழுதவில்லை, கடிதம் வரவும் இல்லை. ஒரே வரியில் இரண்டு பொய். "மகன் கேட்கிறான்" மூன்றாவது. நம் மொழியில் வினைமுற்று செய்தவனைக் காட்டிக்கொடுத்துவிடும். 'ஆன்' விகுதி வந்ததும் மகன் செய்தான் என்று நீங்கள் சாட்சி சொன்னதாகிவிடுகிறது. எழுவாயைச் சொல்லாமல் விடலாம், விகுதியை விட முடியாது. அதனால் உயர்திணை முற்று வராதபடி வரியை அமையுங்கள். "முழங்கால் வலி தேவலையா, முதல் வரியே அதுதான்". இதில் பொய் இல்லை, தாளில் அப்படித்தான் இருக்கிறது. "கடிதம் வந்தது" வேண்டாம், "கடிதம் பிரிக்கிறேன்" போதும், அவன் உண்மையிலேயே பிரிக்கிறான். மகன் எழுதினான் என்று யாராவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் தாய் சொல்லட்டும். அவள் நம்புவதைச் சொல்கிறாள், அது பாடலின் பொய் ஆகாது.

அடுத்தது, கண்டுபிடித்துவிடுவது. முழங்கால் வலி நல்ல தடயம். ஆனால் "எப்படித்தான் அறிந்தானோ" என்று சரணத்தின் கடைசி வரியில் கேள்வியாக வைத்திருக்கிறீர்கள். சரண முடிவுக்குப் பின் இடையிசை வரும். கேட்பவருக்கு யோசிக்க அத்தனை நேரமும் கொடுத்துவிட்டீர்கள். தடயத்தை இரண்டாம் வரிக்கு நகர்த்தி, உடனே வேறொரு செய்தியால் மூடுங்கள். வலியை அவனிடம் சொன்னதை முதல் சரணத்துக்குக் கொண்டுபோங்கள், போகிறபோக்கில் சொல்வதாக. சொன்னதற்கும் தாளில் வருவதற்கும் நடுவில் ஒரு பல்லவி இருந்தால் இரண்டையும் உடனே யாரும் முடிச்சுப்போட மாட்டார்கள்.

மெட்டுப்பெட்டி: இதை வார்த்தையிலேயே தேடுகிறீர்கள். திருப்பம் மெட்டில் வர வேண்டும். கடைசி வரிக்கு முன்னால் ஸ்வரத்தை மாற்றி, மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோனால் தானாக அதிரும்.

சந்தமறிந்தவர்: கேட்டது கதையின் திருப்பம். மெட்டை வரிக்கு முன்பே மாற்றினால் 'ஏதோ வரப்போகிறது' என்று அறிவித்த மாதிரி. மேல் ஸ்தாயியில் சொற்களும் தெளிவாக விழாது. சரணத்தின் கடைசி வரியை மூன்று சரணத்திலும் ஒரே மெட்டில், பேசும் குரலுக்கு நெருக்கமான ஸ்தாயியில் பாடவிடுங்கள். வாத்தியத்தை நிறுத்துவதானால் கடைசிச் சொல் முடிந்த பிறகு.

கதைமுடிச்சு: தடயம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் "நான்தான் அம்மா" என்ற கடைசி வரியை யாரும் தொடவில்லையே? மறைத்தவன் தாயிடமே ஒப்புக்கொள்வதற்கு மூன்றாம் சரணத்தில் காரணம் என்ன?

சந்தமறிந்தவர்: நல்ல கேள்வி. காரணம் இல்லை. அவன் ஒப்புக்கொள்ளக் கூடாது, நமக்கு மட்டும் தெரிய வேண்டும். மூன்றாம் சரணத்தில் தாய் புதிதாக ஒன்றைக் கேட்கட்டும், அந்த வேண்டுகோள் அவனைச் செயலுக்குத் தள்ளட்டும்:

"அடுத்த முறை நீளமாய் எழுதச் சொல்லென்றாள்
கடை அடைக்கும் முன்னே நான் வாங்க வேண்டும் மை"

அடுத்த, கடை என்று எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கிறது, அதனால் முடிவை முன்கூட்டிச் சொல்லாது. இந்த இடத்தில் இயைபு வேண்டாம். முந்தைய வரி 'பொறுமை' என்றோ 'தனிமை' என்றோ முடிந்தால் கூர்ந்து கேட்பவர் 'மை'யை ஊகித்துவிடுவார். 'வாங்க வேண்டும்' வரை கேட்டவருக்கு எதுவும் தெரியாது. முதல் சரணத்தில் "விரலில் நீலக் கறையோடு கடிதம் பிரிக்கிறேன்" என்று வைத்துவிட்டால் இரண்டாம் தடயமும் ஆயிற்று.

மெட்டுப்பெட்டி: 'மை' ஒற்றை எழுத்து. ஒருமுறை கேட்பவர் தவறவிட்டால் பாட்டே போச்சு. "நான்தான்" என்றால் எல்லோருக்கும் புரியும்.

கதைமுடிச்சு: இதில் நான் மெட்டுப்பெட்டி பக்கம். கேட்பவர் திரும்பிப் படிக்க முடியாது.

சந்தமறிந்தவர்: ஐகாரம் என்பதால் 'மை'யை நீட்டிப் பாடலாம், காதில் விழும். ஆனாலும் அந்த அபாயம் உண்டு, மறுக்கவில்லை. பாடலைத் தெரியாத ஒருவருக்கு ஒரே முறை பாடிக் காட்டுங்கள். இரண்டாம் சரணம் முடிந்ததும் அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் தடயம் உரக்க இருக்கிறது. முழுதும் முடிந்தபின், முன்னால் எந்த வரி நினைவுக்கு வருகிறது என்று கேளுங்கள். கறையும் முழங்காலும் இரண்டுமே வராவிட்டால் தடயம் மெலிந்துவிட்டது. அப்போது கடைசி வரியை உடைக்காமல் தடயத்தைக் கெட்டிப்படுத்துங்கள்.

இருசரணம்: என் மெட்டில் இரண்டு சரணம்தான். இது ஆகுமா?

சந்தமறிந்தவர்: அனுபல்லவி இருந்தால் ஆகும். ஆள், இடம், வழக்கம் மூன்றையும் அதில் சொல்லிவிட்டால் முதல் சரணம் நடுச் சரணத்தின் வேலையைச் செய்யும். இல்லாவிட்டால் இந்தக் கதை இடங்கொள்ளாது.

புதுவரி: மகன் ஏன் எழுதவில்லை என்று சொல்ல வேண்டாமா? 'மை'க்குப் பிறகு பல்லவி திரும்ப வரலாமா?

சந்தமறிந்தவர்: மகனை விட்டுவிடுங்கள். கடைசி வரி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும், இரண்டாவதை ஏற்றினால் இரண்டும் மங்கும். பல்லவி வரட்டும். "வாசிக்கிறேன் கேளம்மா" இப்போது வேறு பொருள் தரும்.

மெட்டுப்பெட்டி: கூடாது. 'மை'யோடு நிறுத்துங்கள். பல்லவி வந்தால் கேட்பவர் செய்ய வேண்டிய வேலையைப் பாட்டே செய்துவிடுகிறது.

கதைமுடிச்சு: பல்லவியில் முதல் பாதி மட்டும், ஒரே முறை. இரண்டு வடிவத்தையும் பதிவு செய்து போடுங்கள் புதுவரி, கேட்டுவிட்டுச் சண்டை போடுகிறோம்.